தரையிறங்கும் நேரத்தில் மட்டும் ஏன் உறைகிறது?

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் சாலையில், அரவேணுவில் என் சித்தி வீடு. போன மழைக்காலத்தில் ஒரு நாள் அங்கே போயிருந்தபோது சித்தி மகன் பப்ஜி ஆடிக்கொண்டிருந்தான். போனில் ஆடுவது இல்லை, கணினியில் ஆடுவது. விமானத்தில் போகும்போது படம் வழுக்கிக்கொண்டு ஓடியது. போச்சின்கி ஊருக்கு மேலே குதித்தான். கீழே வீடுகள் எல்லாம் குழந்தை பிடித்துவைத்த களிமண் உருண்டை மாதிரி தெரிந்தன. ஜன்னலும் இல்லை, வாசலும் இல்லை. கால் தரையில் பட்டதும் திரை அரை வினாடி உறைந்தது. மறுபடி ஓடியது, மறுபடி உறைந்தது. மூன்றாவது முறை படம் திரும்பி வந்தபோது அவன் செத்துக் கிடந்தான்.

“நெட் ஸ்லோ அண்ணா, மழை வந்தாலே இப்படித்தான்” என்றான்.

மலையில் மழைக்கு நெட் தடுமாறுவது உண்மைதான். ஆனால் இது நெட் பிரச்சினை இல்லை. அதைப் பார்த்தவுடனே சொல்லிவிடலாம். நெட் தடுமாறினால் மவுஸைத் திருப்பும்போது உங்கள் பார்வை தடையில்லாமல் திரும்பும். மற்ற ஆட்கள்தான் நின்ற இடத்திலேயே ஓடுவார்கள், திடீரென்று பத்தடி தள்ளிப் போய் நிற்பார்கள், நீங்கள் திறந்த கதவு தானாக மூடிக்கொள்ளும். கணினி தடுமாறினால் மவுஸ் உட்பட மொத்தத் திரையும் கல்லாகிவிடும். பல நேரம் சத்தம் மட்டும் தொடர்ந்து கேட்கும், ஏனென்றால் ஒலி தனி வேலையாக ஓடுகிறது. தம்பிக்கு நடந்தது இரண்டாவது வகை. நாம் இரண்டையும் சேர்த்து “லேக்” என்று ஒரே பெயரில் சொல்கிறோம். அதனால்தான் பாதிப் பேர் தவறான இடத்தில் மருந்து போடுகிறார்கள்.

சரி, கணினி ஏன் சரியாகத் தரையிறங்கும்போது மட்டும் உறைய வேண்டும்?

போச்சின்கி ஊர் இருக்கிற எரங்கல் வரைபடம் 8 கிலோமீட்டர் நீளம், 8 கிலோமீட்டர் அகலம். அதாவது 64 சதுர கிலோமீட்டர். அதில் இருக்கிற ஒவ்வொரு வீடு, மரம், வேலி, படிக்கட்டு எல்லாவற்றையும் முழு விவரத்தோடு ஒரே நேரத்தில் நினைவகத்தில் வைக்க எந்தச் சாதாரணக் கணினியாலும் முடியாது. அதனால் விளையாட்டு ஒரு வழி செய்கிறது. வரைபடத்தைத் துண்டு துண்டாக வெட்டி வட்டில் வைத்திருக்கும். நீங்கள் நிற்கும் இடத்தைச் சுற்றி இருக்கிற துண்டுகளை மட்டும் முழு விவரத்தோடு நினைவகத்துக்குக் கொண்டுவரும். தூரத்தில் இருப்பதற்கு ஒரு மலிவான நகல் போதும்: பத்து வீடு சேர்ந்து ஒரே உருண்டை, மேலே மங்கலான வண்ணம். நீங்கள் நடக்க நடக்க முன்னால் புதுத் துண்டுகள் வந்து சேரும், பின்னால் பழையவை கழற்றிவிடப்படும். இதைத்தான் ஸ்ட்ரீமிங் என்கிறார்கள். யூடியூப் ஸ்ட்ரீமிங் நெட்டிலிருந்து வருவது. இது உங்கள் சொந்த வட்டிலிருந்து வருவது.

நம் ஊரில் மூடுபனியில் வண்டி ஓட்டியவர்களுக்கு இது எளிதில் புரியும். லைட் போய் விழுகிற தூரம் வரைதான் சாலை. மெதுவாகப் போனால் அடுத்த வளைவு தெரிய நேரம் இருக்கும். வேகமாகப் போனால் வளைவு தெரிவதும் வளைவில் இருப்பதும் ஒன்றாகிவிடும்.

விளையாட்டிலேயே மிக வேகமாக நகர்வது குதித்துக் கீழே பாயும்போதுதான். தலைகீழாகப் பாய்ந்தால் மணிக்கு 234 கிலோமீட்டர் வரை போகும். ஒரு வினாடிக்கு 65 மீட்டர். கடைசி 500 மீட்டரை எட்டு வினாடிக்குள் கடந்துவிடுவீர்கள். அதுவரை மலிவான நகலாகத் தெரிந்த ஊர், இந்த எட்டு வினாடியில் உண்மையான ஊராக மாற வேண்டும். வீட்டின் வெளிச்சுவர் மட்டும் இல்லை. உள்ளே இருக்கும் அறைகள், தரையில் கிடக்கும் துப்பாக்கிகள், கிட்டத்தில் பார்த்தால் கூர்மையாகத் தெரியும் சுவர்ப்பூச்சு எல்லாம் வேண்டும். கூடவே அதே ஊரில் குதிக்கிற இன்னும் இருபது பேரும் அவரவர் சட்டையும்கூட. நடந்து போகும்போது கொஞ்சம் கொஞ்சமாக வருகிற அத்தனையும் இங்கே ஒரே மூட்டையாக வந்து விழுகிறது.

இப்போது தம்பியின் கணினியைப் பார்ப்போம். நான்கு கோர் ஐ5-4430 செயலி, 8 ஜிபி ரேம், 4 ஜிபி நினைவகம் உள்ள ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கிராஃபிக்ஸ் கார்டு. பப்ஜி ஸ்டீமில் குறைந்தபட்சத் தேவையாகச் சொல்லியிருப்பதும் இதே செயலிதான், இதே அளவு ரேம்தான். ஆக, கணினி வாசற்படியில் நிற்கிறது. விளையாட்டு இருந்தது 1 டிபி ஹார்ட் டிஸ்கில். முக்கிய நோயாளி அதுதான்.

ஹார்ட் டிஸ்குக்குள் ஒரு தட்டு சுழல்கிறது, அதன் மேல் ஒரு முள் இங்கும் அங்கும் போகிறது. வட்டின் ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு முள் நகர்ந்து, தட்டு சுழன்று அந்த இடம் கைக்கு வர 12 மில்லி வினாடி போல ஆகும். அதாவது சிதறிக் கிடக்கும் துண்டுகளை எடுக்கச் சொன்னால் ஒரு வினாடிக்குச் சுமார் எண்பதுதான் எடுக்கும். எட்டு வினாடியில் அறுநூறு சொச்சம். போச்சின்கிக்கு இரண்டாயிரம் துண்டுகள் தேவை என்று வைத்துக்கொள்வோம் (கணக்குக்காகத்தான், உண்மையில் பல துண்டுகள் பக்கத்து பக்கத்தில் அடுக்கப்பட்டிருக்கும்). அதற்கு 25 வினாடி வேண்டும். நீங்கள் எட்டில் தரையில் நிற்கிறீர்கள். மீதிப் பதினேழு வினாடி களிமண் வீடு. எஸ்எஸ்டியில் முள்ளும் இல்லை, சுழற்சியும் இல்லை. சாதாரண சாட்டா எஸ்எஸ்டிகூட ஒரு வினாடிக்கு இப்படிப் பல்லாயிரம் துண்டுகளை எடுத்துவிடும்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். வட்டு மெதுவாக இருந்தால் வீடு தாமதமாக வரும். படம் ஏன் உறைய வேண்டும்? வீடு இல்லாமலே படம் ஓடலாமே?

இங்கேதான் இரண்டாவது வரிசை வருகிறது. எங்கள் பக்கம் தேயிலை எடை போடும் ஷெட்டைப் பார்த்திருப்பீர்கள். லாரி எவ்வளவு வேகமாக மூட்டைகளைக் கொண்டுவந்து இறக்கினாலும், தராசில் நின்று ஒவ்வொரு மூட்டையாக எடை போட்டு எழுதுகிற ஆள் ஒருவர்தான். வட்டு என்பது லாரி. எடை போடுகிறவர்தான் விளையாட்டின் முக்கிய இழை, அதாவது வேலைகளை ஒவ்வொன்றாக வரிசையில் செய்து முடிக்கிற மெயின் த்ரெட். வட்டிலிருந்து வந்த துண்டை உலகத்தில் பொருத்துவது, சுவரில் மோதினால் நிற்கும்படி செய்வது, கதவைத் திறக்கும்படி செய்வது எல்லாம் கடைசியில் அவர் கை வழியாகத்தான் போக வேண்டும். அவருக்கு வேறு வேலையும் இருக்கிறது: ஒவ்வொரு ஃபிரேமையும் 16.7 மில்லி வினாடிக்குள் முடித்துக் கொடுத்தால்தான் 60 எஃப்பிஎஸ் கிடைக்கும்.

பப்ஜி உருவானது அன்ரியல் இன்ஜின் 4-ல். அந்த இன்ஜின் இதை யோசித்தே ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறது. ஒரு ஃபிரேமில் இவ்வளவு மில்லி வினாடிதான் இந்த ஏற்றும் வேலைக்கு, மீதியை அடுத்த ஃபிரேமில் பார்க்கலாம் என்கிற அளவு. இன்ஜினோடு வரும் இயல்பு மதிப்பு 5 மில்லி வினாடி. விளையாட்டு செய்கிறவர்கள் மாற்றிக்கொள்வார்கள். ஆனால் சில மூட்டைகளைப் பிரிக்க முடியாது. ஒரு பெரிய பொருளை வைக்க ஆரம்பித்தால் முடித்துவிட்டுத்தான் நிமிர முடியும். இன்னும் மோசமானது, “இது இல்லாமல் நான் நகர முடியாது” என்று முக்கிய இழையே வட்டைப் பார்த்துக் காத்து நிற்கிற நேரம். வட்டு 400 மில்லி வினாடி எடுத்தால், 24 ஃபிரேம் வர வேண்டிய நேரத்தில் ஒன்றுகூட வராது. அதுதான் கண்ணுக்குத் தெரிகிற உறைதல்.

இதனால்தான் சராசரி எஃப்பிஎஸ்ஸைப் பார்த்து இந்த நோயைக் கண்டுபிடிக்க முடியாது. ஒரு நிமிடத்தில் அரை வினாடி மூன்று முறை உறைந்தாலும் சராசரி 60-க்குப் பக்கத்தில்தான் காட்டும். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்கிற மென்பொருளில், ஒவ்வொரு ஃபிரேமுக்கும் எவ்வளவு நேரம் ஆனது என்று காட்டும் ஃபிரேம்டைம் கோடு ஒன்று இருக்கிறது, அதைத் திரையில் வரவையுங்கள். சமமாகப் போகும் கோடு தரையிறங்கும்போது ஊசி ஊசியாக மேலே குத்தினால் நாம் பேசுகிற விஷயம் அதுதான். கோடு மொத்தமாக உயர்ந்து அப்படியே இருந்தால் கார்டுக்கோ செயலிக்கோ பலம் போதவில்லை என்று பொருள். சூட்டினால் வருகிற தளர்ச்சி இதிலிருந்து வேறு: பதினைந்து இருபது நிமிடம் ஆடிய பிறகு மெல்ல மெல்லத் தெரியும், குதித்த முதல் நிமிடத்தில் வராது. எங்கள் குளிரில் அது குறைவு, ஆனால் விசிறியில் தூசி அடைத்த லேப்டாப்புக்கு ஊட்டிக் குளிரும் உதவாது.

எந்த வரிசை அடைத்திருக்கிறது என்று பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. தம்பியிடம் டாஸ்க் மேனேஜரைத் திறந்து `Performance` பக்கத்தில் விட்டுவிட்டு ஆடச் சொன்னேன். குதித்து இறங்கி, உறைந்து முடித்ததும் ஒரு வீட்டுக் குளியலறையில் ஒளிந்துகொண்டு ஆல்ட்-டேப் அழுத்தினான். அந்த வரைபடம் கடைசி 60 வினாடியைக் காட்டும், அதனால் தரையிறங்கிய நேரம் அப்படியே பதிவாகி இருந்தது. வட்டு 100 சதவீதத்தில் தட்டையாக நின்றது. ரேம் 8-ல் 7.7 நிரம்பியிருந்தது. கார்டின் பக்கத்தில் `Dedicated GPU memory` விளிம்பு வரை போய், `Shared GPU memory` மேலே ஏறியிருந்தது. கார்டின் வேலை அளவோ பாதிகூட இல்லை.

இந்த நான்கு வரியையும் சேர்த்துப் படித்தால் கதை முழுவதும் தெரிகிறது. பொருட்களின் மேல் போர்த்துகிற படங்களான டெக்ஸ்ச்சரை அவன் `High`-ல் வைத்திருந்தான். அது கார்டின் 4 ஜிபியில் அடங்காமல் வழிந்தது. வழிந்தது எங்கே போகும்? கணினியின் ரேமுக்குப் போகும். அங்கே ஏற்கெனவே குரோமில் பதினோரு டேப்பும் டிஸ்கார்டும் உட்கார்ந்திருந்தன. ரேம் நிரம்பினால் விண்டோஸ் சிலவற்றை எடுத்து வட்டில் இருக்கிற பேஜ் ஃபைலுக்கு மாற்றும். அந்தப் பேஜ் ஃபைலும் அதே ஹார்ட் டிஸ்கில்தான். ஊரைக் கொண்டுவர ஓடிக்கொண்டிருக்கிற அதே முள், நடுவில் ரேமின் மூட்டைகளையும் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். ஒரே லாரியில் இலையும் ஏற்றி, வீட்டுச் சாமானும் ஏற்றின மாதிரி. ரிசோர்ஸ் மானிட்டரில் `Hard Faults/sec` என்கிற கோடு தரையிறங்கும்போது எகிறினால் இதுதான் நடக்கிறது என்று உறுதி செய்துகொள்ளலாம்.

கார்டு பாதி சும்மா இருந்ததையும் மறந்துவிடாதீர்கள். உறைந்தால் உடனே எல்லோரும் ரெசல்யூஷனைக் குறைக்கிறார்கள், நிழலைக் குறைக்கிறார்கள். இரண்டும் கார்டின் சுமையைக் குறைப்பவை. சும்மா இருக்கிறவருக்கு இன்னும் ஓய்வு கொடுத்து என்ன பயன்? சராசரி எண் ஏறும், உறைதல் அப்படியே இருக்கும். தம்பியும் இரண்டு வாரம் படத்தைத் தேய்த்துத் தேய்த்து ஆடியிருக்கிறான்.

அன்று காசு செலவில்லாமல் மூன்று மாற்றம் செய்தோம்.

முதலாவது, `Textures`-ஐ `Low`-க்கு இறக்கினோம். அப்புறம் ஒரு படி ஏற்றி, `Shared GPU memory` ஏறாமல் இருக்கிற இடத்தில் நிறுத்தினோம். 4 ஜிபி கார்டில் அது `Medium`-ல் நின்றது. 2 ஜிபி கார்டு வைத்திருப்பவர்கள் `Low`-வை விட்டு அசைய வேண்டாம். இந்த ஒரு மாற்றம் கார்டுக்கும் ரேமுக்கும் வட்டுக்கும் சேர்த்து உதவுகிறது, ஏனென்றால் பெரிய டெக்ஸ்ச்சரை வட்டிலிருந்து எடுத்து வரவே வேண்டியதில்லை. `View Distance`-ஐயும் குறைத்தோம். தூரத்துப் பொருட்கள் குறைந்தால் எடை போடுகிறவருக்குக் கணக்கு வைக்க வேண்டிய சாமான் குறையும். `Anti-Aliasing`-ஐ `Medium`-ல் அப்படியே விட்டோம், உறைதலுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

இரண்டாவது, விளையாட்டு அமைப்பிலேயே இருக்கிற ஃபிரேம் வரம்பை 60-ல் வைத்தோம். இதைச் செய்யச் சொன்னால் பையன்கள் முகம் சுளிக்கிறார்கள், 90 வரும்போது 60 எதற்கு என்று. காரணம் இருக்கிறது. வரம்பு இல்லாமல் ஓடினால் நான்கு கோரும் எப்போதும் முழுசாக வேலை செய்துகொண்டே இருக்கும். பின்னணியில் துண்டுகளைப் பிரித்து அடுக்குகிற இழைகளுக்கு இடமே கிடைக்காது. 60-ல் நிறுத்தினால் ஒவ்வொரு ஃபிரேமிலும் சில மில்லி வினாடி மிச்சமாகும். அந்த மிச்சத்தில்தான் மூட்டை எடை போடப்படுகிறது. எட்டு கோர், பன்னிரண்டு கோர் வைத்திருப்பவர்களுக்கு இது பெரிதாகத் தெரியாது. நான்கு கோர்க்காரர்களுக்கு நன்றாகவே தெரியும்.

மூன்றாவது, குரோமை மூடினோம். சுருக்கி வைப்பது இல்லை, மூடுவது.

மறுபடி போச்சின்கியில் குதித்தான். வீடுகள் தாமதமாகத்தான் வந்தன, ஆனால் நீண்ட உறைதல் போய் ஒன்றிரண்டு சின்னத் துள்ளல்தான் மிஞ்சியது. வட்டு இன்னும் 100-ல்தான் நின்றது. இதுவரை செய்தது லாரியின் சுமையைக் குறைத்தது மட்டும். லாரி அதே லாரிதான்.

லாரியை மாற்றும் வரை ஆட்டத்திலேயே செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. தரைக்குப் பக்கத்தில் வரும் வரை பாயாமல், பாராசூட்டைக் கொஞ்சம் முன்னாலேயே நீங்களே திறந்துவிடுங்கள். இறங்கும் வேகம் மிகவும் குறையும், வட்டுக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும். முன்னால் இறங்கியவன் முன்னால் துப்பாக்கி எடுப்பான் என்பது உண்மை. அதனால் ஊரின் நடுவில் இறங்காமல் ஓரத்து வீட்டில் இறங்க வேண்டும். ஹார்ட் டிஸ்கில் ஆடுகிறவர் பள்ளிக்கூடத்தின் கூரையில் குதிப்பது, பனியில் லைட் போடாமல் பர்லியார் இறங்குவதற்குச் சமம்.

அடுத்த மாதம் தம்பி ஒரு 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி வாங்கினான். பழைய மதர்போர்டுக்கும் அதே கேபிள்தான், வேறு எதுவும் வேண்டாம். புதிதாக விண்டோஸை அதில் போட்டு, ஸ்டீமில் விளையாட்டின் `Properties` → `Installed Files` → `Move install folder` வழியாக விளையாட்டையும் மாற்றினோம். நெட்டில் மறுபடி இறக்க வேண்டியதில்லை. விண்டோஸும் எஸ்எஸ்டிக்கு வந்ததால் பேஜ் ஃபைலும் கூடவே வந்தது. அதை அணைத்துவிடச் சொல்லி வீடியோக்கள் சுற்றுகின்றன, அணைக்காதீர்கள். 8 ஜிபி ரேமில் பேஜ் ஃபைல் இல்லை என்றால் உறைவதற்குப் பதில் விளையாட்டே நடுவில் மூடிக்கொள்ளும். களிமண் வீடுகள் அன்றோடு முடிந்தன. என்னைக் கேட்டால் செலவில் முதலிடம் எஸ்எஸ்டிக்கு, இரண்டாமிடம் இன்னொரு 8 ஜிபி ரேமுக்கு. கார்டு கடைசி.

எஸ்எஸ்டி போட்ட பிறகும் இரண்டு சந்தர்ப்பத்தில் உறையும், அப்போது பயந்துவிட வேண்டாம். ஒன்று, கார்டின் டிரைவரையோ விளையாட்டையோ புதுப்பித்த பிறகு வரும் முதல் ஆட்டங்கள். ஒவ்வொரு பொருளையும் எப்படி வரைவது என்கிற ஷேடர் என்னும் சிறு நிரலைக் கார்டுக்கு ஏற்றபடி தயார் செய்ய வேண்டும். முதல்முறை கண்ணில் படும்போது தயார் செய்து, சேமித்துவைத்துக்கொள்ளும். புதுப்பித்தால் பழைய சேமிப்பு செல்லாமல் போகலாம். பயிற்சி மைதானத்தில் பத்து நிமிடம் சுற்றி, சுட்டு, வண்டி ஓட்டிவிட்டு ஆட்டத்துக்குப் போங்கள். என்விடியா கண்ட்ரோல் பேனலில் `Shader Cache Size` என்று இருக்கும், அதை 10 ஜிபியில் வைத்தால் சேமித்தது சீக்கிரம் அழியாது.

இன்னொன்று மலைக்காரர்களுக்கே உரியது. மழைக்காலத்தில் கரண்ட் போய்ப் போய் வரும். வந்ததும் கணினியைப் போட்டு உடனே ஆட்டத்தில் குதித்தால், அதே நேரத்தில் விண்டோஸ் தன் புதுப்பிப்பையும் வைரஸ் சோதனையையும் தொடங்கியிருக்கும். டாஸ்க் மேனேஜரில் `Disk` என்கிற தலைப்பைச் சொடுக்கினால் யார் வட்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று மேலே வந்து நிற்கும். அந்த எண் இறங்கும் வரை ஒரு டீ குடித்துவிட்டு வரலாம்.

வேறு விளையாட்டு ஆடுகிறவர்களும் இதே கண்ணோடு தங்கள் அமைப்புகளைப் பார்க்கலாம். அபெக்ஸில் `Texture Streaming Budget` என்று நேரடியாகவே எழுதியிருக்கிறது, கார்டின் நினைவகத்துக்குள் அடங்குவதைத் தேர்ந்தெடுங்கள். ஃபோர்ட்நைட்டில் 2020 டிசம்பரில் வந்த பெர்ஃபார்மன்ஸ் மோடு பழைய கணினிகளுக்காகவே செய்யப்பட்டது. கூடவே எபிக் லாஞ்சரில் `High Resolution Textures`-ஐ நீக்கிவிட்டால் வட்டிலும் நிறைய இடம் மிச்சம்.

தம்பி இப்போதும் எரங்கலில் ஜீப்பை முழு வேகத்தில் விரட்டும்போது ஊர் எல்லையில் ஒரு சின்னத் துள்ளல் வருகிறது. ஃபிரேம்டைம் கோட்டில் பார்த்தால் 40, 50 மில்லி வினாடி. வட்டு சும்மா இருக்கிறது, ரேமிலும் இடம் இருக்கிறது, ஒரு கோர் மட்டும் அந்த நொடியில் முழுசாக எரிகிறது. லாரி வந்துவிட்டது, எடை போடுகிற ஆள்தான் அந்தப் பழைய ஆள். அந்தச் செயலியோடு அதற்கு மேல் அமைப்பில் இறக்க எதுவும் இல்லை. ஊருக்குள் நுழையும் முன் ஆக்சிலேட்டரிலிருந்து கொஞ்சம் காலை எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.